காய்ஞ்ச சரக்கு என்றால் எத்தனை சதவீதம்?

"சரக்கு நல்லா காய்ஞ்சதுங்க. கையில அள்ளினா சலசலன்னு சத்தம் வரும். நீங்க பணத்தை மட்டும் போடுங்க, மத்தத நான் பார்த்துக்கறேன்."

தானியத் தரகர்கள் தொலைபேசியில் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. தரகர் நேரில் போய்ப் பார்த்திருப்பார், அள்ளியும் பார்த்திருப்பார். ஆனால் நாமக்கல்லில் உட்கார்ந்து தாவணகெரேயில் கிடக்கும் நூறு டன் மக்காச்சோளத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் பணம் போடப்போகிறவருக்கு "நல்லா காய்ஞ்சது" என்ற சொல்லால் எந்தப் பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது ஓர் எண். அந்த எண் எப்படி எழுதப்பட வேண்டும், அதோடு இன்னும் என்னென்ன எழுதப்பட வேண்டும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

ஒரு பண்ணையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நாமக்கல் பக்கம், 50,000 முட்டைக்கோழிகள். ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஆக நாளைக்கு ஐந்தரை டன். அதில் ஏறக்குறையப் பாதி மக்காச்சோளம். நூறு டன் வாங்கினால் ஒரு மாதத்துக்குச் சற்று மேலே ஓடும். அதாவது கடைசி மூட்டையைப் பிரிக்கும்போது அது கிடங்குக்கு வந்து 35 நாள் ஆகியிருக்கும். இந்த 35 நாள் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடகத்து மக்காச்சோளம் அறுவடைக்கு வருவது அக்டோபர், நவம்பரில். மழை முழுக்க விட்டிருக்காது. கதிர் ஒடிக்கும்போது மணியில் 20 முதல் 25 சதவீதம் வரை ஈரம் இருக்கும். அதைக் களத்திலும் சாலையோரத்திலும் பரப்பிக் காயவைத்து 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் இரண்டு நாள் தூறல் போட்டால் வியாபாரிக்கு இரண்டே வழி. காத்திருக்கலாம், அல்லது 16-இல் மூட்டை கட்டலாம்.

பதினாறுக்கும் பதினாலுக்கும் இரண்டு சதவீதம்தானே வித்தியாசம் என்று தோன்றும். போட்டுப் பார்ப்போம். ஒரு லாரியில் 25 டன். ஈரம் 16 சதவீதம் என்றால் அதில் தண்ணீர் 4 டன், காய்ந்த பொருள் 21 டன். கோழிக்குப் பயன்படுவது இந்த 21 டன்தான். இதே 21 டன் காய்ந்த பொருள் 14 சதவீத ஈரத்தோடு வந்திருந்தால் மொத்த எடை என்ன? 21-ஐ 0.86-ஆல் வகுத்தால் 24.419 டன். ஆக, லாரிக்கு 581 கிலோ தண்ணீரை மக்காச்சோள விலைக்கு வாங்குகிறோம். கிலோ 24 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 13,950 ரூபாய். நான்கு லாரிக்கு 55,800.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பல இடங்களில் "ஒரு பாயின்ட் கூடினால் ஒரு சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அதன்படி 25 டன்னில் இரண்டு சதவீதம், 500 கிலோ கழியும். ஆனால் உண்மையில் கூடுதலாக வந்த தண்ணீர் 581 கிலோ. மீதி 81 கிலோவுக்கான பணம், லாரிக்குக் கிட்டத்தட்ட 1,950 ரூபாய், வாங்குபவர் தலையில். கழிவு எந்தக் கணக்கில் என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

பணம் போவது சின்ன விஷயம். பெரிய விஷயம் பூஞ்சை.

மூட்டைக்குள் மணிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. மணியில் எவ்வளவு ஈரமோ அதற்கு ஏற்ப அந்தக் காற்றும் ஈரமாகும். மக்காச்சோளம் 14 சதவீதத்தில் இருக்கும்போது நம் ஊர் வெப்பத்தில் அந்தக் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 70 சதவீதம். பெரும்பாலான பூஞ்சைகளுக்கு அதற்கு மேல் வேண்டும். 16, 17 என்று மணியின் ஈரம் ஏறினால் காற்று 80-ஐத் தாண்டும், பூஞ்சை முளைக்கும். முளைத்தபின் அதுவே மூச்சுவிட்டு வெப்பத்தையும் தண்ணீரையும் வெளியிடும். அந்தத் தண்ணீர் பக்கத்து மூட்டையை நனைக்கும். கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டால் ஓரிடம் மட்டும் சுடுவது இதனால்தான். 35 நாள் என்பது இதற்குத் தாராளமான அவகாசம்.

மக்காச்சோளத்தில் அஞ்ச வேண்டியது அஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் மாண்டபோதுதான் இது உலகுக்குத் தெரியவந்தது. அங்கே காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு. முட்டைக்கோழிக்கு இது கல்லீரலைக் கெடுக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும், முட்டையும் குறையும். கோழித்தீவனத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு 20 பிபிபி, அதாவது ஒரு கிலோவில் 20 மைக்ரோகிராம். 25 டன் லாரி முழுவதற்கும் கூட்டினால் அரை கிராம்தான். அரை கிராம் நஞ்சு ஒரு லாரிச் சரக்கை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு வெயிலில் உலர்த்தினால் பூஞ்சை வளர்வது நிற்கும், ஆனால் ஏற்கெனவே உண்டான நஞ்சு போகாது. ஈரமாக வந்த சரக்கை நாமே காயவைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இந்த இடத்தில்தான் தவறுகிறது.

அடுத்தது தரம். "நம்பர் ஒன் சரக்கு", "ஏ கிரேடு", "பார்டி சரக்கு" என்று எத்தனையோ பெயர்கள் புழங்குகின்றன. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே பொருள்தானா என்பது சந்தேகம். அதிகாரபூர்வமான பெயர்களிலும் கவனம் வேண்டும். அமெரிக்க மக்காச்சோளத்தில் "நம்பர் 2 மஞ்சள்" என்பது உலகம் முழுக்கத் தெரிந்த தரம். உடைசலும் அந்நியப் பொருளும் சேர்ந்து 3 சதவீதத்துக்குள், கெட்ட மணி 5 சதவீதத்துக்குள் என்பது அதன் வரம்பு. ஆனால் ஈரப்பதம் அந்தத் தரத்தில் இல்லவே இல்லை. 1985-இல் அதைத் தர அளவுகோல்களிலிருந்து நீக்கிவிட்டார்கள். சான்றிதழில் ஈரத்தை அளந்து எழுதுவார்கள், ஆனால் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அது நம்பர் 2-ஆக இருக்கலாம். தரத்தை மட்டும் கேட்டு ஈரத்தைக் கேட்காமல் விட்டவர் முழுச் சரக்கையும் ஈரமாகவே பெறலாம்.

எனவே பெயருக்குப் பதிலாக எண்களைக் கேட்க வேண்டும். தூசு, மண், சக்கை எல்லாம் சேர்ந்த அந்நியப் பொருள் எத்தனை சதவீதம் வரை? உடைசல் எவ்வளவு? பூஞ்சை பிடித்த மணி எவ்வளவு? வண்டு துளைத்தது எவ்வளவு? நம் நாட்டில் அரசு கொள்முதலுக்கான மக்காச்சோள வரையறை அந்நியப் பொருளுக்கு 1 சதவீதம், ஈரத்துக்கு 14 சதவீதம் என்று சொல்கிறது. தனியார் வியாபாரத்தில் அது யாரையும் தானாகக் கட்டுப்படுத்தாது. பேசித் தொடங்க நல்ல இடம், அவ்வளவுதான்.

இப்போது, எண்ணை எழுதி வாங்கினாலும் ஏமாற வாய்ப்புள்ள இடத்துக்கு வருவோம். என் பார்வையில் இதுதான் இந்த விஷயத்தின் நடு முடிச்சு. "ஈரப்பதம் 14 சதவீதம்" என்று வியாபாரி எழுதிக் கொடுத்துவிட்டார். பத்து மூட்டையில் எட்டு 13 சதவீதம், இரண்டு 18 சதவீதம். கூட்டிப் பத்தால் வகுங்கள். சரியாக 14 வரும். எழுதியதை அவர் மீறவில்லை. ஆனால் அந்த இரண்டு மூட்டைகள் கிடங்கின் நடுவில் அடுக்கப்பட்டால் பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். பக்கத்து மூட்டைகளின் வறட்சி அந்த ஈரத்தை இழுத்துச் சமன்செய்ய வாரக்கணக்கில் ஆகும், பூஞ்சைக்குச் சில நாள் போதும். ஆகவே இரண்டு எண்கள் வேண்டும். லோடின் சராசரி ஒன்று, எந்தத் தனி மூட்டையும் தாண்டக்கூடாத வரம்பு இன்னொன்று.

இன்னொரு வம்பு அளக்கும் கருவி. கையடக்க ஈரமானிகள் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. மணியின் வழியே மின்சாரம் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்து ஈரத்தைக் கணிக்கின்றன. மணி சூடாக இருந்தால் கணிப்பு மாறும். வேகமாக வெயிலில் காய்ந்த மணி மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும், கருவி குறைவாகக் காட்டும். ஒரு நாள் சாக்குக்குள் கிடந்தால் உள்ளீரம் மேலே வந்துவிடும், அதே மணி கூடுதலாகக் காட்டும். தாவணகெரேயில் 14 காட்டியது நாமக்கல்லில் 15 காட்டினால் யாரும் ஏமாற்றினார்கள் என்று உடனே முடிவுகட்ட முடியாது. இரு தரப்பும் நேர்மையாக இருந்தும் சண்டை வரும். அதனால் எந்த ஊரில், யாருடைய கருவியில், தகராறு வந்தால் எந்த ஆய்வகத்தில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் முழு மணியை 103 டிகிரியில் 72 மணி நேரம் அடுப்பில் உலர்த்தி, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்க்கும் முறை உண்டு. நேரம் பிடிக்கும், ஆனால் கணிப்பு இல்லை, நேரான அளவு.

இவ்வளவையும் ஒரு கடிதத்துக்குள் அடக்கலாம். நம் பண்ணைக்காரர் முன்பணம் போடுவதற்கு முன் அனுப்புவது இப்படி இருக்கட்டும்:

"ஐயா, வணக்கம். மஞ்சள் மக்காச்சோளம் 100 டன், நான்கு லோடாக வாங்க விரும்புகிறோம். கீழ்க்கண்டவற்றை உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பண்ணையில் இறக்கும்போது ஒவ்வொரு லோடின் ஈரப்பதச் சராசரி 14 சதவீதத்துக்கு மிகக்கூடாது. சோதிக்கும் எந்த மூட்டையும் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டும் மூட்டைகளையும் அவற்றோடு சேர்ந்த அடுக்கையும் தனியே திருப்பி அனுப்புவோம். சராசரி 14-க்கும் 15-க்கும் இடையில் இருந்தால் 14 சதவீதத்துக்கு இணையான எடைக்கு மட்டும் பணம் தருவோம். 15-க்கு மேல் போனால் லோடு முழுவதையும் மறுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு. அந்நியப் பொருள் 1 சதவீதம், உடைசல் 3 சதவீதம், பூஞ்சை பிடித்த மணி 1 சதவீதம் வரை. அஃப்ளடாக்சின் பி1 20 பிபிபிக்குள். இரு தரப்பும் ஒப்பும் எடைமேடையின் சீட்டே எடைக்கு ஆதாரம். மாதிரியை உங்கள் ஓட்டுநர் முன்னிலையில் எடுத்து மூன்றாக முத்திரையிடுவோம். தகராறு வந்தால் மூன்றாம் மாதிரி இருவரும் ஒப்பிய ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதி. ஒவ்வோர் எண்ணையும் குறிப்பிட்டுப் பதில் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடக்கூடாது. வாட்ஸ்அப்பில் இதை அனுப்பினால் கட்டைவிரல் ஒன்று பதிலாக வரும். அல்லது "ஓகே சார்" என்று வரும். எதற்கு ஓகே என்பது பிறகு விவாதமாகும். எண்களை அவரே திருப்பி எழுதினால்தான் அவர் படித்தார், ஒப்பினார் என்றாகும். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ எழுத்தாகாது என்ற பயம் வேண்டாம். மின்னணு வழியில் செய்தது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்பதை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு தெளிவாக்குகிறது.

இந்தக் கடிதத்துக்கு வியாபாரி உடனே ஒப்புவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். "மழைக்காலங்க, மூட்டைக்கு 15 கஷ்டம், 15.5 போடுங்க. விலையும் கிலோவுக்கு முப்பது பைசா கூடக் கொடுக்கணும்" என்று தரகர் வழியாகப் பதில் வரலாம். இது நல்ல பதில். தன் சரக்கை அளந்து பார்த்தவர்தான் இப்படிப் பேரம் பேசுவார். நூறு டன்னுக்கு முப்பது பைசா என்றால் 30,000 ரூபாய். எழுத்தில்லாமல் 16 சதவீதச் சரக்கு வந்திருந்தால் தண்ணீருக்குக் கொடுத்திருக்கக்கூடியது 55,800. மறுக்கும் உரிமையோடு பார்த்தால் முப்பது பைசா மலிவு. பண்ணைக்காரர் 15.5-க்கு இசைந்து மற்றதில் நிற்கிறார். எண்ணே எழுதித் தர மாட்டேன் என்று சொல்கிறவர் இருந்தால், அவரிடம் வாங்காமலிருக்க அந்த ஒரு பதிலே போதும் என்பேன்.

லாரி வந்தபின் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டால் கடிதத்துக்கு மதிப்பில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவருக்குச் சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பைத் தருகிறது. சொன்ன விவரத்துக்குச் சரக்கு ஒத்துவராவிட்டால் மறுக்கலாம். மறுத்த சரக்கைத் தன் செலவில் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை, மறுப்பைத் தெரிவித்தால் போதும். ஆனால் நியாயமான காலத்துக்குள் ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தாலோ, தன் சரக்கைப் போலப் பயன்படுத்திவிட்டாலோ ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். அதன்பின் நஷ்டஈடுதான் கேட்கலாம், திருப்பி அனுப்ப முடியாது. தீவன ஆலையின் தொட்டியில் கொட்டிய மூட்டை, ஏற்ற மூட்டைதான். முதலில் அளந்து, பிறகு கொட்ட வேண்டும்.

அளப்பது எப்படி? 25 டன் லாரியில் 60 கிலோ மூட்டைகள் சுமார் 416 இருக்கும். மூட்டைகள் நூறுக்கு மேல் இருந்தால் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்காவது மாதிரி எடுப்பது தானியச் சோதனையில் பழகிய வழி. 416-க்கு இருபது மூட்டை. தார்ப்பாயை விலக்கியதும் மேலே தெரியும் இருபது மூட்டையில் குத்தூசி குத்தி முடித்துவிடுவது எளிது. அது மேலடுக்கைப் பற்றி மட்டும் சொல்லும். இறக்கும்போதே இருபது மூட்டைக்கு ஒன்று என்று ஒதுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து எண்ணைச் சாக்கட்டியால் மூட்டையின்மேல் எழுதிவைக்க வேண்டும். அஃப்ளடாக்சின் மாதிரிக்குக் கைப்பிடி போதாது. நஞ்சு சில மணிகளில் மட்டும் குவிந்திருக்கும். இருபது மூட்டையிலிருந்தும் எடுத்ததைக் கலந்து, ஐந்து கிலோவாவது அரைத்து, அந்த மாவிலிருந்துதான் சோதனைக்கு எடுக்க வேண்டும். ஈரத்துக்கான மாதிரி துணிப்பையில் போனால் வழியிலேயே காய்ந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்ட வேண்டும்.

கருவி கையில் இல்லாதவருக்கு ஓர் எளிய வழி உண்டு. நன்றாகக் காயவைத்த உப்பைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளமும் போட்டு மூடிக் குலுக்கிவிட்டுப் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழ். வியாபாரியிடம் வாதாட இது உதவாது, லாரியைக் கொட்டலாமா வேண்டாமா என்று நிறுத்தி யோசிக்க உதவும்.

நம் பண்ணைக்கு முதல் இரண்டு லோடும் குறையில்லாமல் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது லோடில் இருபது மூட்டை அளக்கிறார்கள். பதினேழு மூட்டை 13.5 அருகில். மூன்று மூட்டை 16.8. சராசரி 14-ஐத் தாண்டவில்லை. தரகர் தொலைபேசியில் சொல்வார்: "சராசரி சரியாத்தானே இருக்குதுங்க, அப்புறம் என்ன?" பண்ணைக்காரர் கடிதத்தின் அடுத்த வரியைப் படித்துக்காட்டுகிறார். சாக்கட்டி எண் போட்ட அந்த மூன்று மூட்டையும் லாரியின் பின்புற இடது மூலையிலிருந்து வந்தவை. அந்த அடுக்கு முழுவதும் ஒரே குவியலிலிருந்து கடைசியாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அங்கே இருந்த மற்ற மூட்டைகளையும் குத்திப் பார்க்கிறார்கள். 46 மூட்டை தேறவில்லை. அவை கிடங்குக்குள் போகவில்லை, வாசலிலேயே தனியாக அடுக்கப்படுகின்றன. படமும் எண்களும் அன்று மாலையே வியாபாரிக்குப் போகின்றன. மறுநாள் 46 மூட்டையும் அதே லாரியில் திரும்ப ஏறுகின்றன. பில்லில் 2,760 கிலோ கழிகிறது. நான்காவது லோடு ஏற்றுவதற்கு முன் வியாபாரியே ஒரு படம் அனுப்புகிறார். மூட்டைமேல் வைத்த ஈரமானி, அதில் 13.6.